தாடையைத் தூக்க வைத்த கண்ணாடி

சென்னை பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகம். மாலை ஆறரைக்கு ஷிஃப்ட் தொடங்கினால் முடியும்போது அதிகாலை மூன்றரை ஆகிவிடும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பிய கிளெய்ம்கள் திரையில் வரிசைகட்டி நிற்கும். ஒன்றைப் பார்த்து முடித்ததும் அடுத்தது தானாகத் திறந்துகொள்ளும். கோப்பை எடுத்துவர அலமாரிக்குப் போக வேண்டியதில்லை. தாளைப் புரட்டும் வேலைகூட இல்லை. பழைய குமாஸ்தா வேலையில் தன்னால் கிடைத்துவந்த இடைவெளிகளை எல்லாம் ‘கியூ’ விழுங்கிவிட்டது.

இங்கே வேலை செய்யும் பெண் ஒருவருக்கு வயது 46. இரவு பதினொரு மணி வாக்கில் பின்கழுத்து இறுகத் தொடங்கும். ஒரு மணிக்கெல்லாம் கண் எரியும், எண்கள் மங்கும். தைலம் தடவிப் பார்த்தார், தலையணையை மாற்றினார், கழுத்துக்குப் பட்டைகூடப் போட்டுக்கொண்டார். ஒரு விஷயம் மட்டும் புதிராகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வீட்டுவேலை செய்தாலும் வலி வருவதில்லை.

புதிரை அவிழ்த்தது ஒரு புகைப்படம். பக்கத்து இருக்கைத் தோழி, வேலை நடுவே அவருக்குத் தெரியாமல் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. படத்தில் அவர் எதையோ அண்ணாந்து பார்ப்பதுபோல் தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். திரையோ நேர் எதிரேதான் இருந்தது.

குற்றவாளி மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போவதால் கிட்டத்தில் இருப்பவை தெளிவாகத் தெரிவதில்லை. அதற்காகப் பலரும் புரோகிரெசிவ் கண்ணாடி வாங்குகிறார்கள். அதில் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி கையில் பிடித்துப் படிப்பதற்கு. கணினித் திரை இருப்பது இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய 60, 70 சென்டிமீட்டர் தொலைவில். அந்தத் தூரத்துக்கான பகுதி லென்ஸின் நடுவில் ஒரு குறுகலான சந்துபோல இருக்கும். எழுத்து அந்தச் சந்துக்குள் விழ வேண்டுமானால் தாடையைக் கொஞ்சம் தூக்கத்தான் வேண்டும். ஒரு நிமிடம் என்றால் உடம்பு கண்டுகொள்ளாது. எட்டு மணி நேரம் என்றால், ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பின்னால் சாய்த்த நிலையிலேயே கழுத்துத் தசைகள் பிடித்து வைத்திருக்க வேண்டும். கண்ணுக்கு எது வசதியோ அதற்குக் கழுத்து வளைந்துகொடுக்கும். நாற்காலியைப் பழிப்பதற்கு முன் கண்ணாடியைச் சந்தேகிக்க வேண்டியது அதனால்தான்.

இவர் விஷயத்தில் ‘திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும்’ என்ற அறிவுரையும் சேர்ந்து கெடுத்திருந்தது. யாரோ சொல்லக் கேட்டு, மானிட்டருக்கு அடியில் ஒரு மரப்பலகை ஸ்டாண்டை வைத்திருந்தார். அந்த அறிவுரை தவறில்லை, அரைகுறை. கண் மட்டத்தில் இருக்க வேண்டியது திரையின் மேல்விளிம்பு, நடுப்பகுதி அல்ல. புரோகிரெசிவ் அணிபவருக்கு அந்த விளிம்பும் இன்னும் சில அங்குலம் இறங்க வேண்டும், திரை லேசாகப் பின்னால் சாய வேண்டும்.

திரையைத் தாழ்த்துவதில் கண்ணுக்கும் ஆதாயம் உண்டு. ஜப்பானிய கண் மருத்துவர் கஸுவோ ட்சுபோடாவும் சக ஆய்வாளரும் 104 அலுவலக ஊழியர்களைக் கவனித்து 1993-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், திரையைப் பார்க்கையில் 7 முறையும்தான் இமைத்தார்கள். புத்தகத்துக்கும் இமைப்பு குறைகிறதே, பிறகு ஏன் திரை மட்டும் கண்ணை எரிக்கிறது? புத்தகத்தைக் குனிந்து படிக்கிறோம். மேலிமை பாதி மூடியிருக்கிறது. திரையை நேராகப் பார்க்கும்போது கண் அகலத் திறந்திருக்கிறது. காற்றில் படும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதே ஆய்வு அளந்தது. அதற்கு நேர்மேலே ஏசியின் காற்றுவாய் இருந்துவிட்டால் கண்ணீர்ப்படலம் உலர்வதற்குக் கேட்கவே வேண்டாம்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைக் கடைக்காரர் இந்த இடத்தில்தான் நீட்டுவார். 17 சோதனைகளை அலசிய 2023-ம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, சாதாரண லென்ஸைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. அந்தக் காசுக்கு உருப்படியான வேறு வேலை இருக்கிறது. வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணிலிருந்து திரைவரை டேப்பால் அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதகரிடம் சொன்னால், அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார். இந்தப் பெண்ணுக்கு அளவு 65 சென்டிமீட்டர். புதுக் கண்ணாடியை அலுவலக டிராயரிலேயே வைத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் தூரத்துப் பேருந்தின் எண் தெரியாது.

அடுத்து மேசை. பெரும்பாலான அலுவலக மேசைகளின் உயரம் 75 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். ஏற்ற இறக்க முடியாது. ஐந்தடி உயரமுள்ள ஒருவரின் முழங்கை அந்த மட்டத்துக்கு வர, இருக்கையை ஏறக்குறைய 50 சென்டிமீட்டருக்கு உயர்த்த வேண்டும். அவருடைய முழங்காலுக்குக் கீழே, செருப்போடு சேர்த்தாலும், 40 சென்டிமீட்டர்தான். மிச்சம் பத்து சென்டிமீட்டர் கால் தொங்கும். தொடையின் அடிப்பகுதி அழுந்தி மரத்துப்போகும். அதைத் தவிர்க்க ஆள் இருக்கையின் முன்நுனிக்கு நகர்வார். முதுகுக்குப் பிடிமானம் போய்விடும். ஆயிரக்கணக்கில் விலைவைத்த நாற்காலியின் முதுகுச்சாய்வு பலருக்கு உடுப்பு மாட்டத்தான் பயன்படுகிறது! ஐந்நூறு தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று சுமார் ஐந்து சென்டிமீட்டர் தடிமன். இரண்டு கட்டுகளைக் காலடியில் வைத்தால் கணக்கு நேராகிவிடும்.

இவ்வளவு செய்தும் கியூ ஓயாது. ‘இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில், இருபது விநாடி’ என்ற விதி எல்லாருக்கும் மனப்பாடம். டார்கெட் ஓடும்போது யாருக்கு அது ஞாபகம் வரும்? கடிகாரத்தை நம்புவதைவிட வேலையிலேயே ஒரு கொக்கியைத் தேடிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். இவர், ‘சப்மிட்’ அழுத்திவிட்டு அடுத்த கிளெய்ம் திறப்பதற்குள் கண்ணை முழுதாக இரண்டு முறை மூடித் திறக்கிறார். காப்பீட்டு நிறுவனம் போனில் காக்கவைக்கும்போது எழுந்து நின்று, கூடத்தின் மறுகோடியைப் பார்க்கிறார்.

இடைவேளை கொடுத்தால் எண்ணிக்கை குறையும் என்று அஞ்சும் டீம் லீடுகள் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. அமெரிக்க வருமானவரித் துறையில் நாள் முழுக்கப் படிவங்களைத் தட்டச்சு செய்தவர்களுக்கு, வழக்கமான இரண்டு பதினைந்து நிமிட இடைவேளைகளோடு, மற்ற மணிகளில் ஐந்தைந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு இருபது நிமிட வேலைநேரம் குறைந்தது. ஆனாலும் தட்டச்சு அளவு சரியவில்லை. கண் எரிச்சலும் உடல்வலியும் குறைந்தன.

எல்லாவற்றுக்கும் மேசையே மருந்து என்று நினைத்துவிடவும் கூடாது. விரல்கள் மரத்துப்போவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது போன்றவை திரைச் சோர்வின் கணக்கில் வராது. அவற்றுக்கு மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

இந்தப் பெண்ணுக்குக் கழுத்துவலி அடங்க மூன்று வாரம் ஆனது. மானிட்டருக்கு அடியிலிருந்து எடுத்த ஸ்டாண்ட் வீணாகவில்லை. எதிர் வரிசையில் ஆறடி உயர இளைஞர் ஒருவர், தாழ்ந்த திரைக்காகக் கூன்போட்டே உட்கார்ந்திருப்பார். இப்போது அது அவருடைய மேசையில் இருக்கிறது.