மை தீட்டிய கண்ணும் ஒரு பிக்ஸல் இமைமயிரும்

கல்யாண ஆல்பங்களில் சில மணப்பெண்களின் கண்கள் பளிச்சென்று இருக்கும், ஆனால் பார்க்க உறுத்தும். இமைமயிரை ஒட்டி வெளிறிய கோடு ஒன்று ஓடியிருக்கும். கன்னத்திலோ பவுடர் துகள் துகளாகத் தெரியும், மயிர்த்துளைகள் எண்ணும்படி நிற்கும். முகம் முழுவதையும் ஒரே அளவில் கூர்மையாக்கியதன் விளைவு இது.

கண்ணைக் கூர்மையாக்க ஃபோட்டோஷாப்பில் பலரும் நாடுவது ஹை பாஸ் ஃபில்டர். ஒளி சட்டென்று மாறும் விளிம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை அது நடுச்சாம்பல் ஆக்கிவிடும். அந்த லேயரை Overlay முறைக்கு மாற்றினால் சாம்பல் பகுதி படத்தில் எதையும் மாற்றாது. விளிம்பின் கருத்த பக்கம் இன்னும் கருக்கும், வெளுத்த பக்கம் இன்னும் வெளுக்கும். கூர்மையாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். ஹேலோ எனப்படும் வெளிறிய கோடும் அங்கிருந்துதான் வருகிறது. நம் ஊர் மணப்பெண்ணின் கண்ணில் மைக்கோடும் தோலும் நேருக்கு நேர் சந்திப்பதால் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எவ்வளவு ரேடியஸ் வைப்பது? படத்தைக் கொண்டே கணக்குப் போடலாம். 4000 × 6000 பிக்ஸல் கொண்ட 24 மெகாபிக்ஸல் படத்தில், தலையிலிருந்து மார்பு வரை சுமார் 60 செ.மீ. உயரம் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 100 பிக்ஸல். கருவிழியின் விட்டம் ஏறத்தாழ 12 மி.மீ., அதாவது 120 பிக்ஸல். இமைமயிரின் பருமன் 0.1 மி.மீ. அளவுதான், ஆக ஒரே ஒரு பிக்ஸல். இதற்கு ரேடியஸ் 1 அல்லது 1.5 போதும். 8 வைத்தால் வெளிறிய பட்டை மயிரைத் தாண்டி இமைத்தோலில் படரும். முகம் மட்டும் நிறைந்த குளோசப்பில் மயிரே 2 பிக்ஸல் இருக்கும், அதற்கேற்ப ரேடியஸையும் கூட்டலாம்.

தோல், நிறம் எல்லாம் திருத்தி முடித்த பிறகே இந்த வேலைக்கு வர வேண்டும். `Ctrl+Alt+Shift+E` அழுத்தினால் எல்லா லேயர்களும் சேர்ந்த நகல் ஒன்று மேலே வரும். `Ctrl+Shift+U` அழுத்தி அதன் நிறத்தை நீக்கிவிட்டால் விளிம்பில் வண்ணக் கசிவு வராது. அதை Smart Object ஆக்கி, Filter > Other > High Pass போட்டால் ரேடியஸைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். லேயரை Overlay ஆக்கியதும், Alt விசையைப் பிடித்தபடி மாஸ்க் பொத்தானைத் தட்டினால் கருப்பு மாஸ்க் விழும். விளைவு முழுதும் மறைந்துவிடும். இனி வெள்ளை பிரஷ் தொட்ட இடம் மட்டுமே கூர்மையாகும். தோலைக் காப்பாற்றுவது இந்த மாஸ்க்தான், ரேடியஸ் அல்ல. ரேடியஸை எவ்வளவு குறைத்தாலும் மயிர்த்துளைகள் அதில் சிக்கத்தான் செய்யும்.

பிரஷ் மென்மையாகவும், Flow 20 முதல் 30 சதவீதத்துக்குள்ளும் இருக்கட்டும். இமைமயிரை வேரிலிருந்து நுனி நோக்கி வருடுவது நல்லது. வெள்ளைவிழியைத் தொடவே கூடாது. தொட்டால் மெல்லிய ரத்த நாளங்கள் எழும்பி, அழுது சிவந்த கண் போலாகிவிடும்.

கருவிழிக்கும் இமைமயிருக்கும் தனித்தனி லேயர் வைத்துக்கொள்வது மிகவும் உதவும். இமைமயிர் லேயரின் Blending Options-இல் Blend If என்ற பகுதி இருக்கிறது. அதில் This Layer வரிசையின் வெள்ளை முக்கோணத்தை Alt பிடித்து இரண்டாகப் பிரித்து, 150, 190 என்ற இடங்களில் நிறுத்தினால், அந்த லேயரின் வெளுத்த பகுதி படிப்படியாக மறையும். மயிர் கருப்பது அப்படியே இருக்கும், ஹேலோ வெகுவாக அடங்கிவிடும். கருவிழி லேயரில் இதைச் செய்யக் கூடாது, அங்கே வெளிர் இழைகளும் வேண்டும். அடர்பழுப்புக் கண்களில் அந்த இழைகள் குறைவாகவே தெரியும் என்பதால், விழியின் ஓரமும் அதில் விழுந்த விளக்கொளியும் கூர்மையானாலே கண் உயிர்பெறும்.

முகம் திரும்பியிருந்தால் தள்ளியிருக்கும் கண் இயல்பாகவே சற்று மங்கலாக இருக்கும். அதற்கும் சம அளவு கூர்மை கொடுத்தால் முகம் செயற்கையாகிவிடும். பாதிக்கும் குறைவாகக் கொடுக்கலாம். ஃபோகஸ் தவறிய கண்ணை இந்த முறை மீட்காது, இல்லாத இழையை ஃபில்டர் உண்டாக்க முடியாது.

வேலை முடிந்ததும் 100 சதவீத அளவில் படத்தை வைத்து, லேயரை அணைத்து ஏற்றிப் பாருங்கள். கண் தெளிந்தது மட்டும் தெரிந்தால் சரி. இமைக்கு மேலே வெளிறிய கோடு பளிச்சிட்டால் முதலில் ரேடியஸையும், பிறகு லேயரின் Opacity-யையும் குறையுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு 1080 × 1350 அளவில் அனுப்புவதானால், படத்தைச் சுருக்கிய பிறகு 0.3 முதல் 0.5 வரை ரேடியஸ் வைத்துத் தனியாகக் கூர்மையாக்குங்கள்.