உங்களுக்குத் தெரியுமா? மங்கலான நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கினால் என்ன தெரியும்?

சினிமாவில் இன்ஸ்பெக்டர் திரையைக் காட்டி, "அந்த நம்பரை ஜூம் பண்ணுப்பா" என்பார். கீபோர்டில் நாலு தட்டு, வண்டி எண் பளிச்சென்று வந்து நிற்கும். நிஜத்தில் வந்து நிற்பவை சாம்பல் நிறக் கட்டங்கள்.

ஏன் என்று ஒரு வீட்டு வாசல் கேமராவை வைத்துக் கணக்குப் போடலாம். படத்தின் அகலம் 1920 பிக்சல், அதாவது 1920 புள்ளிகள். தெரு முழுக்கத் தெரிய வேண்டும் என்று நாம் கேட்டு வாங்கும் அகன்ற கோண லென்ஸ், 15 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 30 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அப்படியானால் ஒரு மீட்டருக்கு 64 புள்ளி. காரின் நம்பர் பிளேட் 50 சென்டிமீட்டர் நீளம், ஆக 32 புள்ளி. அதில் பத்து எழுத்துகளும் எண்களும் இருந்தால், ஒவ்வொன்றின் பங்குக்கும் மூன்றே புள்ளி. மூன்று புள்ளி அகலத்தில் 8, 6, 0 மூன்றும் ஒரே கறைதான்.

★

ஜூம் செய்தால் புள்ளிகள் கூடுமே என்று கேட்கலாம். கூடும்தான். பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைக் கணக்கிட்டு, இடைவெளியைக் கணினி நிரப்புகிறது. மாவில் தண்ணீர் ஊற்றினால் தோசைக் கணக்கு கூடும், அரிசி கூடாது.

★

இரவில் இன்னொரு சிக்கல். வெளிச்சம் போதாமல் கேமரா தன் ஷட்டரை நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் வரை திறந்து வைக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதற்குள் 44 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சாய்வாகக் கடந்தாலும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுப் போகும். எண்ணைப் படிப்பதற்கென்றே சாலையில் வைக்கும் கேமராக்களின் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அந்த நேரத்தில் கார் நகர்வது ஒரு சென்டிமீட்டர் சொச்சம்.

பிளேட்டின் மேலுள்ள ஒளிதிருப்பும் படலமும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அப்படியே திருப்பி அடிக்கும். பிளேட் வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிடும். இருட்டில் ஒளிந்த எழுத்தை ஓரளவு வெளியே கொண்டுவரலாம். முழுக்க வெளுத்துப்போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

★

அப்படியானால் தடயவியல் நிபுணர்கள் 'மேம்படுத்துவது' எதை? பதிவில் ஏற்கெனவே இருப்பதை. கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டுவார்கள், சாய்ந்த பிளேட்டை நேராக்குவார்கள். அவர்களிடம் உள்ள நல்ல ஆயுதம், பல ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுப்பது. எழுத்து எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருக்கும், பொரிப்பொரியான இரைச்சல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். 16 ஃபிரேம்களைச் சேர்த்தால் இரைச்சல் கால்வாசியாகிவிடும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இது நன்றாகவே பலிக்கும்.

ஆனால் ஒரு வஞ்சகம் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, டிவிஆர் பல ஃபிரேம்களில் முந்தைய ஃபிரேமின் கட்டங்களையே மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளும். பார்க்க நொடிக்கு 25 படம், சரக்கு என்னவோ இரண்டு மூன்று படத்துக்குத்தான். அதை மானிட்டருக்கு முன் செல்போனை நீட்டிப் படம்பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மிச்சமிருந்ததும் போய்விடும். நிபுணர்கள் டிவிஆரின் மூலப் பதிவையே கேட்பது அதனால்தான்.

★

2007-ல் இன்டர்போல், ஒரு குற்றவாளி தன் படங்களில் சுழல்போல் முறுக்கி மறைத்திருந்த முகத்தை மீட்டு வெளியிட்டது. ஜெர்மன் நிபுணர்கள் முறுக்கை எதிர்ப்பக்கம் சுற்றினார்கள், முகம் வந்தது. முறுக்கியதில் புள்ளிகள் பெரும்பாலும் இடம்தான் மாறியிருந்தன. நம் பிளேட்டின் புள்ளிகளோ பதிவாகவே இல்லை.

★

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அதே 32 புள்ளியிலிருந்து கூர்மையான எண்ணை வரைந்து கொடுக்கும். வரைந்து என்றுதான் சொல்ல வேண்டும், ஏனெனில் அது முன்பு பார்த்த படங்களிலிருந்து இங்கே 8 பொருந்தும் என்று ஊகிக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், இப்படித் தீட்டிய செல்போன் வீடியோவை 2024-ல் நீதிபதி சாட்சியமாக ஏற்க மறுத்தார். மங்கல் படமாவது தெரியாததைத் தெரியாது என்று காட்டும். கூர்மையான பொய்யை நம்பிப் போலீஸ் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டும்.

★

மங்கல் படம் வீணில்லை. கடைசி எண் 1 மாதிரி ஒல்லி, முதல் எண் உருண்டை, கார் வெள்ளை, இன்ன மாடல் என்று தெரிந்தால், வாகனப் பதிவேட்டில் பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டே வரலாம்.

வாசலில் எண்ணும் தெரிய வேண்டுமானால், தெருவுக்கு ஒரு கேமரா, கேட்டுக்கு ஒரு கேமரா என்று பிரித்து வையுங்கள். கேட்டைப் பார்ப்பது 6 மீட்டர் அகலத்தை மட்டும் பிடிக்கட்டும். அதே 1920 புள்ளியில் பிளேட்டின் பங்கு 160 ஆகிவிடும், எழுத்துக்குப் பதினாறு.