பணியாளர் மருத்துவக் காப்பீட்டில் மூக்குக்கண்ணாடிச் செலவைத் திரும்பப் பெறுதல்

நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்காக எடுக்கும் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மூக்குக்கண்ணாடி அதில் அடங்குவதில்லை. புறநோயாளர் செலவுக்கான கூடுதல் பிரிவு பாலிசியில் இருந்தாலோ, நிறுவனமே தன் நிதியிலிருந்து கண்ணாடிப்படி வழங்கினாலோ மட்டுமே பணம் திரும்பக் கிடைக்கும். எனவே கண்ணாடி வாங்குவதற்கு முன்பே இவ்விரண்டில் எது உள்ளது என்று மனிதவளப் பிரிவில் கேட்டறிய வேண்டும்.

இதில் பரவலான ஒரு குழப்பம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் 15ஆவது, 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சையைப் பற்றியது. அதற்கு மேல் பவர் இருந்தால் கண்ணாடிக்குப் பணம் உண்டு என்று சிலர் பொருள் கொள்கின்றனர். அது தவறு, லேசர் போன்ற சிகிச்சைக்கே அந்த அளவு பொருந்தும். கண்புரை அறுவையிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் சிகிச்சையின் பகுதி என்பதால் பாலிசி வரம்புக்குள் ஏற்கப்படும். அதன்பின் படிப்பதற்காக வாங்கும் கண்ணாடி பொதுவாக ஏற்கப்படாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஆழ்வார்திருநகரியில் குடியிருந்து தூத்துக்குடியில் வேலைக்குச் செல்லும் ஒருவரைக் கருதுவோம். அவருடைய நிறுவனத்தின் புறநோயாளர் பிரிவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்ணாடிக்கு 5,000 ரூபாய் வரை உண்டு; அதில் பிரேமுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் இல்லை. அவர் வாங்கிய லென்ஸின் விலை 3,000 ரூபாய், பிரேமின் விலை 2,800 ரூபாய். கிடைக்கக்கூடியது 3,000 + 1,500 = 4,500 ரூபாய். கடைக்காரர் இரண்டையும் சேர்த்து “கண்ணாடி ஒன்று, 5,800” என்று மட்டும் பில் எழுதினால் பிரேமின் விலையைப் பிரித்தறிய வழியில்லை. கோரிக்கை விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். ஆகவே பில் போடும்போதே லென்ஸ், பிரேம் இரண்டையும் தனித்தனி வரிகளாக எழுதச் சொல்ல வேண்டும்.

அவர் முதலில் செய்த தவறு வேறு. ஜூன் 3 அன்று கடைக்குப் போய், அங்கிருந்த கணினிக் கருவியில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கிவிட்டார். அலுவலகம் மருத்துவர் சீட்டைக் கேட்ட பிறகே, ஜூன் 10 அன்று திருநெல்வேலியில் கண் மருத்துவரைப் பார்த்தார். சீட்டின் தேதி பில்லுக்குப் பிந்தியது. மருத்துவர் பரிந்துரைத்ததால் வாங்கிய கண்ணாடி என்பதற்குச் சான்று இல்லாததால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சீட்டில் முன்தேதி போட்டுத் தரச் சொல்வது மோசடியாகும், வேலைக்கே ஆபத்து. மருத்துவர் கட்டணத்துக்குப் பாலிசியில் இடமிருந்தால் அதை மட்டும் தனியே கோரலாம்.

ஆவணங்கள்

சீட்டில் நோயாளியின் பெயர், தேதி, இரு கண்களின் பவர், மருத்துவரின் கையொப்பம், பதிவு எண் ஆகியவை வேண்டும். கணினிக் கருவியிலிருந்து வரும் துண்டுச்சீட்டு மட்டும் போதாது. அது தோராய அளவுதான். கடையின் பில்லில் வரிசை எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். முன்பணம் கட்டியபோது கொடுத்த ஆர்டர் சீட்டைப் பலரும் பில் என்று எண்ணி அனுப்பிவிடுகின்றனர். கண்ணாடியைப் பெற்றுக்கொள்ளும்போது தரும் இறுதி பில்லே செல்லும். இவற்றுடன் பணம் செலுத்திய சான்று, கோரிக்கைப் படிவம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை சேரும்.

நிராகரிப்பும் முறையீடும்

தமிழகத்தில் அடிக்கடி வரும் சிக்கல் பெயரில்தான். அலுவலகப் பதிவில் தந்தை பெயர் முழுமையாகவும், கடை பில்லில் முதலெழுத்தாகவும் இருக்கும். சில வேளை வீட்டில் அழைக்கும் பெயரே பில்லில் ஏறிவிடும். காப்பீட்டு அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்வது நல்லது. பவர் இல்லாத குளிர்கண்ணாடியும், பவர் இல்லாமல் கணினித் திரைக்காக மட்டும் வாங்கும் கண்ணாடியும் பார்வைத் திருத்தத்தில் சேராதவை என்று விலக்கப்படுவது வழக்கம். பாலிசியில் சேர்க்கப்படாத பெற்றோருக்கு வாங்கியதும், கெடு கடந்து அனுப்பியதும் அவ்வாறே.

நிராகரிப்புக்கான காரணத்தைப் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவனம் தன் நிதியிலிருந்து தரும் கண்ணாடிப்படிக்கு இவ்வழி பொருந்தாது. அந்தப் படிக்கு வரிச் சிக்கலும் உண்டு: மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை இருந்த வருமான வரி விலக்கு 2018 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டதால், பில் கொடுத்துப் பெறும் தொகையும் பொதுவாகச் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும்.