பிரிவைச் சொல்லும் மூன்று வரி

2021 ஜூலை கடைசியில் நடிகை சமந்தா தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பெயரை மாற்றினார். 'சமந்தா அக்கினேனி' என்று இருந்தது வெறும் S என்றானது. அவரும் நாக சைதன்யாவும் பிரிவை அறிவித்தது அக்டோபர் 2-ஆம் தேதிதான். இடைப்பட்ட இரண்டு மாதமும் அந்த ஒற்றை எழுத்தை வைத்து ஊர் தன் பங்குக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தது.

நடிகைக்கு மட்டும் நடப்பதில்லை இது. ஒரு பெண் வாட்ஸ்அப் டிபியிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்தால் போதும், மறுநாள் சித்தியிடமிருந்து போன் வரும். அதற்காகத்தான் இப்போது பலர் தாங்களே ஒருமுறை, சில வரிகளில் சொல்லி முடித்துவிட நினைக்கிறார்கள். ஒரு படம், அதன் கீழே ஒரு கேப்ஷன். அழுகையும் வேண்டாம், சவாலும் வேண்டாம், விஷயம் தெரிந்தால் போதும் என்ற எண்ணம். எழுத உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு சிரமம் என்று தெரிகிறது.

சினிமாக்காரர்களின் அறிவிப்புகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடும். 2022 ஜனவரி 17 அன்று தனுஷும் ஐஸ்வர்யா ரஜினிகாந்தும் அவரவர் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே கடிதத்தை வெளியிட்டார்கள். நண்பர்களாக, தம்பதியாக, பெற்றோராக 18 ஆண்டுகள் சேர்ந்திருந்ததைச் சொல்லி, இப்போது வழிகள் பிரிகின்றன என்றார்கள். காரணம் சொல்லவில்லை, யார்மீதும் பழியில்லை. ஐஸ்வர்யா அதற்குமேல், கேப்ஷன் தேவையில்லை, உங்கள் புரிதலும் அன்பும் போதும் என்ற பொருளில் ஒரு வரி சேர்த்திருந்தார். இருவரும் ஒரே வாசகத்தைப் போட்டதால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு யார் பக்கம் நியாயம் என்று தேட இடமே இல்லாமல் போனது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் பார்த்தோம். 2024 செப்டம்பரில் நடிகர் ஜெயம் ரவி பிரிவை அறிவித்தபோது, அது தனக்குத் தெரியாமலேயே, தன் ஒப்புதல் இல்லாமலேயே வெளியிடப்பட்டது என்று சில நாட்களில் ஆர்த்தி அறிக்கை விட்டார். அறிவிப்பின் வாசகம் எவ்வளவு பக்குவமாக இருந்தாலும், மற்றவருக்குத் தெரியாமல் வந்தால் அது சண்டையின் தொடக்கமாகவே படிக்கப்படும். நம்மைப் போன்றவர்கள் கடிதத்தைச் சேர்ந்து எழுத வேண்டியதில்லை. "வெள்ளிக்கிழமை இதைப் போடப்போகிறேன், படித்துப் பாருங்கள்" என்று வாசகத்தை முன்கூட்டியே அனுப்பினால் போதும். பேச்சுவார்த்தையே இல்லையென்றால் வக்கீல் மூலம்.

இன்னொரு குழப்பம், எதை அறிவிக்கிறோம் என்பதிலேயே வருகிறது. தனுஷ் - ஐஸ்வர்யா அறிவித்தது பிரிவு. சென்னை குடும்ப நல நீதிமன்றம் விவாகரத்து வழங்கியது 2024 நவம்பர் 27-இல்தான். நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருடம். ஏ.ஆர். ரஹ்மானும் சாய்ரா பானுவும் 2024 நவம்பரில் பிரிவை அறிவித்தார்கள். அடுத்த மார்ச்சில், நாங்கள் சட்டப்படி விவாகரத்து பெறவில்லை, என்னை 'முன்னாள் மனைவி' என்று எழுதாதீர்கள் என்று சாய்ரா கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ரஹ்மானின் பதிவின் முடிவில் #arrsairaabreakup என்று ஒரு ஹேஷ்டேக் இருந்ததையும் பலர் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம்தான். தனிமை கேட்கும் பதிவில் ஹேஷ்டேக் இருந்தால், எல்லாரும் வந்து ஒரே இடத்தில் பேசுங்கள் என்று பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி.

சட்டம் எங்கே நிற்கிறது என்பது கேப்ஷனுக்கு அவசியம். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவரும் மனமொத்துப் பிரிவதென்றால், ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்த பிறகு சேர்ந்து மனு போட வேண்டும். அதன் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தீர்ப்பு வரும் வரை இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியும். மனு போட்ட அன்றே "புது அத்தியாயம்" என்று பதிவிட்டவர்கள், நாலு மாதம் கழித்து எதிர்த்தரப்பு பின்வாங்கினால் ஊருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள். ஜீவனாம்சமோ குழந்தையின் பொறுப்போ இன்னும் பேசி முடியாமல் இருந்தால் ஆபத்து கூடுதல். கேப்ஷனின் ஸ்கிரீன்ஷாட் வழக்கில் சான்றாக வைக்கப்படலாம். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான விதிகள் 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருக்கின்றன. தீர்ப்பு நகல் கைக்கு வந்த பிறகு எழுதுவதே நல்லது என்பேன்.

அந்த நகலைப் படமெடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். அதில் இருவர் முகவரியும் வயதும் குழந்தையின் பெயரும் இருக்கும். தவிர, இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இந்த வழக்குகளின் நடவடிக்கைகளை அச்சிடுவதையும் வெளியிடுவதையும் தடை செய்கிறது. அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான் என்றாலும், தடை தடைதான்.

இனி வாசகத்துக்கு வருவோம். கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், வயது முப்பத்துநாலு, எட்டு வயது மகள் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. வாடகைக்கு ஒரு வீடு பார்த்துப் பால் காய்ச்சியாகிவிட்டது. முதலில் அவர் எழுதுவது இப்படி இருக்கலாம்: "பத்து வருடச் சிறையிலிருந்து விடுதலை. இனியாவது எனக்காக வாழ்வேன். கூட நின்றவர்களுக்கு நன்றி, நிற்காதவர்களுக்கு அதைவிட நன்றி."

எதிர்காலத்தைப் பற்றி எழுதியதாகத்தான் அவர் நினைப்பார். படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முழுக்கக் கடந்த காலம். சிறை என்றால் சிறை வைத்தவர் ஒருவர் உண்டு. 'இனியாவது' என்பதில் இதுவரை விடவில்லை என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. 'இப்போதுதான் மூச்சு விடுகிறேன்', 'கடைசியில் நிம்மதி' எல்லாம் இதே ஜாதி. கடைசி வரியோ, படிக்கிற ஒவ்வொரு உறவினரையும் "என்னைத்தான் சொல்கிறாளோ" என்று யோசிக்க வைக்கும். முன்னாள் கணவரின் அக்கா பதில் போட வேண்டியதுதான் பாக்கி.

இதை உணர்ந்து அடித்துவிட்டு அடுத்து எழுதுவது பெரும்பாலும் பத்திரிகை அறிக்கையாக வந்து நிற்கும்: "நீண்ட யோசனைக்குப் பின் நாங்கள் இருவரும் பிரிவதென முடிவெடுத்துள்ளோம். இந்தக் கடினமான நேரத்தில் எங்கள் தனிமையை மதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." கேமராக்கள் வாசலில் நிற்கிற நடிகருக்கு இது தேவை. முந்நூறு பேர் பின்தொடரும் வங்கி ஊழியர் எழுதினால் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்த முந்நூறில் பாதிப் பேர் அவரை ஒருமையில் கூப்பிடுகிறவர்கள்.

மூன்றாவது முயற்சி இப்படி வரலாம்: "நானும் பாப்பாவின் அப்பாவும் சட்டப்படி பிரிந்துவிட்டோம். பாப்பாவுக்கு நாங்கள் இருவரும் அம்மா அப்பாவாகவே இருக்கிறோம். புது வீட்டு மாடியில் தக்காளி வைத்திருக்கிறோம், காய்த்ததும் சொல்கிறேன்."

முதல் வரி செய்தி. அதற்குமேல் கேள்விக்கு இடமில்லை. இரண்டாவது வரி குழந்தையின் நிலைமை. எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்கத் தயங்குவது அதைத்தான். மூன்றாவது வரியில்தான் எதிர்காலம், அதுவும் தக்காளி அளவுக்கு. "வலிமையான பெண்ணாக எழுந்து நிற்பேன்" என்பதைவிட இது நம்பும்படியாக இருக்கிறது என்பது என் கட்சி. பெரிய சபதத்தை ஊர் கணக்கு வைத்துக்கொள்ளும். தக்காளியை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வாரம் அழுதுகொண்டிருந்தாலும் சொன்ன சொல் தவறினோம் என்று ஆகாது.

இந்த மூன்று வரியையும் மூன்று பேர் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும்: முன்னாள் கணவர், எதிர்த்தரப்பு வக்கீல், பதினெட்டு வயதில் அம்மாவின் பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கப்போகும் அதே பாப்பா. மூவரில் ஒருவருக்காவது ஒரு சொல் குத்தினால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். இங்கே பேட்டையின் பெயர், பள்ளியின் பெயர், குழந்தையின் முகம் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். தனியாகக் குடிவந்திருக்கும் பெண் இடத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. செய்தியை முதல் வரியிலேயே முழுமையாக வைப்பதற்கும் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராம் முதல் இரண்டு வரியோடு கேப்ஷனை மடித்துவிடும். "பத்து வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில்..." என்று தொடங்கினால், பாதிப் பேர் மடிப்பைத் திறக்காமலேயே திருமண நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

படமும் பேசும். ஓரத்தில் வேறொருவர் தோள் தெரியும்படி வெட்டிய பழைய படம் கேப்ஷனின் அமைதியைக் கெடுத்துவிடும். பின்னணியில் சோகப்பாட்டு வைத்தாலும் அப்படியே. கல்யாணப் படங்களை எடுக்க நினைத்தால் அழிக்காமல் ஆர்க்கைவ் செய்துவிடலாம். மகள் ஒருநாள் பார்க்கக் கேட்பாள்.

பதிவிடும் முன் அம்மா, அப்பா, மாமா, பெரியம்மா, நெருங்கிய தோழிகள், அலுவலகத்தில் ஒருவர் என்று சிலருக்குப் போனில் சொல்லிவிடுவது நல்லது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட பெரியம்மா எத்தனை வருடமானாலும் அதை மறக்க மாட்டார். கமெண்ட்டில் "என்னாச்சு?" என்று வரும், கட்டாயம் வரும். "நல்லா இருக்கோம், நேர்ல பேசுவோம்" என்று ஒரே பதிலை எல்லாருக்கும் போடலாம், அல்லது கமெண்ட்டையே மூடிவிடலாம். அவரைத் திட்டி நமக்கு ஆதரவாக வரும் கமெண்ட்டுக்கு லைக் போடுவதுதான் பெரிய பிசகு. அடக்கி எழுதியதெல்லாம் அந்த ஒரு லைக்கில் போய்விடும்.

எல்லாருக்கும் அமைதி பொருந்தாது. 2023-இல் சின்னத்திரை நடிகை ஷாலினி விவாகரத்தைச் சிவப்பு உடையில் போட்டோஷூட்டாகவே எடுத்தார். கல்யாணப் படத்தைக் கிழித்து மிதித்தார். கெட்ட திருமணத்திலிருந்து வெளியே வருவது தவறில்லை என்று எழுதினார். பலர் திட்டினார்கள். அடி வாங்கிய ஒருவரிடம் போய்ப் பக்குவமாக எழுது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வன்முறையும் மிரட்டலும் இருந்த இடத்தில் அமைதியான கேப்ஷன்கூட ஆபத்தாகலாம். அங்கே பதிவே போடாமல், தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வது பாதுகாப்பு.

பதிவு போட்டு மாதங்கள் கழித்து ஒரு காலை, பழைய திருமண நாளன்று, ஃபேஸ்புக் தானாக மணவறைப் படத்தை எடுத்துக் காட்டும். அதன் நினைவுகள் பகுதியின் அமைப்புகளில் குறிப்பிட்ட ஆளையும் தேதியையும் மறைக்க வழி இருக்கிறது. கூகுள் போட்டோஸிலும் உண்டு. கேப்ஷன் எழுதுகிற அன்றே இந்த இரண்டையும் செய்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.