முதல் சந்திப்புக்கு நாள் பார்க்கும் தனி எண்கள்

தனி மாத எண், தனி நாள் எண் ஆகிய இரண்டும் எண் கணித ஜோதிடத்தின் ஒரு பிரிவைச் சேர்ந்தவை. ஒருவருடைய பிறந்த நாளையும் மாதத்தையும் நடப்புத் தேதியோடு கூட்டி, ஒன்று முதல் ஒன்பது வரையிலான ஒற்றை இலக்கமாகச் சுருக்கினால் இவை கிடைக்கும். தமிழ்நாட்டில் பரவலாகத் தெரிந்த எண் கணிதம் பெரும்பாலும் கீரோவின் வழியில் வந்தது. பிறவி எண், விதி எண், பெயர் எண் என்று கிரகங்களோடு இணைத்துப் பலன் சொல்வது அந்த வழி. நாளுக்கு நாள் மாறும் தனி எண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வளர்ந்த இன்னொரு மரபைச் சேர்ந்தவை. 1931-இல் வெளியான ஃபுளோரன்ஸ் கேம்ப்பெலின் நூல் அம்மரபில் இன்றும் பேசப்படுகிறது.

கணக்கு எளியது. மார்ச் 12 அன்று பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். 12 என்பது 1+2 ஆக 3. மார்ச் மூன்றாம் மாதம். இரண்டும் சேர்ந்து 6. இது அவருடைய மாறாத அடிப்படை. 2026-இன் இலக்கங்களைக் கூட்டினால் 10, அதாவது 1. ஆகவே அவருக்கு 2026-இன் தனி ஆண்டு எண் 7. அதனோடு மாதத்தைச் சேர்த்தால் தனி மாத எண்: ஜூலைக்கு 7+7=14, அதாவது 5. அதனோடு தேதியைச் சேர்த்தால் தனி நாள் எண்: ஜூலை 5-க்கு 5+5=10, அதாவது 1.

சந்திப்புக்கு நாள் பார்ப்பவர்கள் எல்லா எண்களையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. முதல் சந்திப்புக்கு 1, 3 ஆகியவற்றையே பெரும்பாலும் தேடுவார்கள். முன்னது தொடக்கத்தின் எண், பின்னது கலகலப்பான பேச்சின் எண். ஒருவர் பேச மற்றவர் பொறுமையாகக் கேட்க வேண்டிய பேச்சுக்கு 2. வீடு, குடும்பம், கல்யாணம் என்றால் 6. வரவு செலவு, வாடகை, கடன் போன்ற கணக்கு வழக்குகளைப் பேச 4. ஐந்தில் மனம் நிலைகொள்ளாது என்பதால் அன்று முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள். ஏழு தனிமையின் நாள். முதல்முறை பார்க்கும் இருவருக்கு அது மௌனத்தில் போய் முடியும் என்பது நம்பிக்கை. ஒன்பது முடித்துவைக்கும் எண்; மனஸ்தாபத்தைத் தீர்க்கவோ உறவை முறித்துக்கொள்ளவோ ஏற்றது என்பார்கள். எட்டில்தான் இரண்டு மரபுகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. அமெரிக்க மரபில் அது பணமும் அதிகாரமும் பேசும் நாள். கீரோ வழியில் அது சனியின் எண். நம் ஊரில் எட்டாம் தேதி என்றாலே தயங்குபவர்கள் உண்டு.

மாத எண் பின்னணி, நாள் எண் அதன்மேல் நடக்கும் நிகழ்வு என்று கொள்வது வழக்கம். சின்னச் சந்திப்புக்கு நாள் எண் போதும். கனமான பேச்சுக்கு மாத எண்ணும் ஒத்துவர வேண்டும்.

சந்திப்புக்கு இருவர் வேண்டும் என்பதால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பெண் சந்திக்கப்போகும் ஆண் அக்டோபர் 25-இல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 25 என்பது 7, அக்டோபர் 10, அதாவது 1, அடிப்படை 8. பெண்ணுக்கு 6, இவருக்கு 8. ஆண்டும் மாதமும் தேதியும் இருவருக்கும் ஒன்றே என்பதால் இந்த இரண்டு எண் இடைவெளி எந்த நாளிலும் மாறாது. பெண்ணுக்கு 1 என்றால் ஆணுக்கு 3. பெண்ணுக்கு 6 என்றால் ஆணுக்கு 8. இருவருக்கும் ஒரே நாளில் 6 வரட்டும் என்று இவர்கள் காத்திருந்தால் ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். அடிப்படை எண் ஒன்றாக உள்ள ஜோடிக்கோ தினமும் ஒரே எண்தான். எந்த ஜோடியானாலும் வாய்ப்புள்ள சேர்க்கைகள் ஒன்பதுதான். அவற்றில் எது தங்கள் காரியத்துக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே செய்யக்கூடியது.

இந்த இருவருக்கும் முதல் சந்திப்புக்குப் பொருந்துவது 1-3 சேர்க்கை. 2026 ஜூலையில் அது 5, 14, 23 தேதிகளில் வருகிறது. ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகும் இருவருக்கும் வசதி. கல்யாணத்தையும் அதற்குப் பிந்தைய வரவு செலவையும் பேச 4-6 நல்ல சேர்க்கை. ஜூலையில் 8, 17, 26. ஆனால் ஜூலையில் பெண்ணின் மாத எண் 5, ஆணுடையது 7. இரண்டுமே இப்படிப்பட்ட பேச்சுக்கு ஆகாதவை. ஆகஸ்டில் அவை 6, 8 என்று மாறும். அம்மாதத்தில் 4-6 வரும் நாள்கள் 7, 16, 25. பதினாறாம் தேதி ஞாயிறு, எண்களும் கூடிவருகின்றன. ஆனால் அது ஆடி மாதத்தின் கடைசி. வீட்டுப் பெரியவர்கள் உடன்பட மாட்டார்கள். ஆவணியில் விழும் 25-ஆம் தேதியோ செவ்வாய்க்கிழமை! பஞ்சாங்கத்தையும் எண் கணிதத்தையும் சேர்த்துப் பார்க்கும் குடும்பங்களில் நாள் அமையாமல் இழுப்பது இப்படித்தான்.

ஒரே நாளுக்கு ஒரு செயலி ஒன்றும் இன்னொரு செயலி வேறொன்றும் சொல்வது உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் தனி ஆண்டு எப்போது பிறக்கிறது என்பதில் உள்ள கருத்து வேறுபாடு. ஜனவரி 1 என்று ஒரு சாராரும் பிறந்த நாளன்று என்று ஒரு சாராரும் கணக்கிடுகிறார்கள். இரண்டாம் முறையில் அக்டோபரில் பிறந்த அந்த ஆணுக்கு ஜூலையில் இன்னும் 2025-இன் ஆண்டு எண்ணே நடக்கும்; 9 இருக்க வேண்டிய இடத்தில் 8. ஜூலை 5 அவருக்கு 3 ஆகாமல் 2 ஆகிவிடும். மாறாத இடைவெளி என்று மேலே சொன்னதும் அந்த முறையில் செல்லாது. இரண்டு பிறந்த நாள்களுக்கு நடுவே அது ஒரு எண் கூடும் அல்லது குறையும்.

இன்னொரு வேறுபாடு 11, 22 என்ற எண்களைச் சுருக்காமல் தனிச் சிறப்போடு வைப்பதால் வருவது. ஜூலை 17-க்குப் பெண்ணின் மாத எண் 5-ஐயும் 17-ஐயும் கூட்டினால் 22, அதாவது விசேஷ நாள். 17-ஐ முதலில் 8 ஆக்கிவிட்டுக் கூட்டினால் 13, சாதாரண 4. தேதி ஒன்றே, ஆளும் ஒருவரே. கூட்டிய வரிசை மட்டும் மாறியது. சிறப்பு எங்கிருந்து வந்தது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

மாதக் கடைசியிலும் கவனம் தேவை. ஒரு மாதத்துக்குள் நாள் எண் தினமும் ஒன்று கூடி ஒன்பது நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். மாதம் மாறும்போது அந்த ஓட்டம் பெரும்பாலும் தாவும்: 30 நாள் மாதம் முடிந்தால் எண் ஒன்று பின்னோக்கிப் போகும், டிசம்பர் தவிர்த்த 31 நாள் மாதம் முடிந்தால் இரண்டு. ஒன்பது ஒன்பதாக எண்ணிக்கொண்டே அடுத்த மாதத்துக்குள் போனவர்களின் கணக்கு அங்கே தவறிவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் பிறந்த தேதி இருக்கிறது. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதை மாற்றி எழுதிய சான்றிதழ்கள் நம் ஊரில் ஏராளம். அந்தத் தேதியைப் போட்டால் வருவது வேறொருவருடைய எண். சரியான தேதியே இருந்தாலும் அடிப்படை எண் ஒன்பதில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆகவே ஒருவருக்கு 'பேச உகந்த' நாள் என்றால், அவரோடு அந்த எண்ணைப் பகிரும் கோடிக்கணக்கானவர்களுக்கும் அது அப்படியே. அத்தனை பேரும் அன்று இனிமையாகப் பேசினார்கள் என்று காட்டும் சான்று எதுவும் கிடையாது. கிரெகோரியன் காலண்டரை விட்டுத் தமிழ் மாதத் தேதியில் இதே கூட்டலைச் செய்தால் அதே நாளுக்கு வேறு எண் கிடைக்கக்கூடும்.