பிளாஸ்டிக் இல்லாத ஜூலை: அறிவிப்பை எப்படி எழுதுவது?

ஜூன் கடைசி வாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம்:

“ஜூலை மாதம் முழுவதும் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம். துணிப்பைக்கு மாறுவோம். அனைவரும் கலந்துகொண்டு உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்.”

எழுதியவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் ஜூலை முதல் தேதி காலை ஆறு மணிக்கே வாசலில் பால் பாக்கெட் வந்து விழுகிறது. அதுவும் பிளாஸ்டிக்தான். அதையும் தவிர்க்க வேண்டுமா, தேவையில்லையா? அறிவிப்பில் பதில் இல்லை. சேர்ந்தவர் காப்பி போடும் முன்பே தோற்றுவிட்டதாக நினைக்கிறார். இரண்டாவது வாரத்தில் குழுவில் இதைப் பற்றிய பேச்சே இருப்பதில்லை.

‘பிளாஸ்டிக் இல்லாத ஜூலை’ 2011இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்கியது. அங்கே உள்ளாட்சி அமைப்பு ஒன்றில் வேலை பார்த்த ரெபெக்கா பிரின்ஸ்-ரூயிஸ், குப்பை பிரிக்கும் நிலையம் ஒன்றை நேரில் பார்த்த பிறகு, அடுத்த மாதம் பிளாஸ்டிக் வாங்குவதில்லை என்று முடிவெடுத்து உடன் வேலை செய்தவர்களையும் அழைத்தார். அந்த அடுத்த மாதம் ஜூலையாக இருந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் அந்த இயக்கம் கைப்பை, தண்ணீர் பாட்டில், காப்பிக் கோப்பை, உறிஞ்சுகுழல் என்று நான்கு பொருள்களை முன்னிறுத்தியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்லாமல் நான்கின் பெயரைச் சொன்னது நல்ல வழி. அதே நான்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் தெருவில் வீட்டுக்குள் வருவது உறிஞ்சுகுழலைவிட சாம்பார் கவர்தான்.

ஆகவே மாற்றி எழுதும் அறிவிப்பின் முதல் வரி, எது கணக்கில் வரும் என்று சொல்ல வேண்டும்: “கடைக் கவர், பார்சல் கவர், டீக் கப், தண்ணீர் பாட்டில் ஆகிய நான்கும் கணக்கு. பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட், மருந்து அட்டை கணக்கில் இல்லை.” பாலுக்கும் மருந்துக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தடையே விலக்கு கொடுத்திருக்கிறது. பால் பாக்கெட்டுக்கு ஒரு வேலை மட்டும் சொல்லலாம். மூலையை முழுவதும் வெட்டி எறியாமல் பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். துண்டான சிறு மூலையைக் குப்பை பிரிப்பவர் பொறுக்கி எடுக்க முடியாது.

அடுத்தது அன்றாட வேலை. நாளுக்கு ஒன்றாக 31 குறிப்புகள் எழுதும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திங்களன்று துணிப்பை, செவ்வாயன்று மூங்கில் பிரஷ், புதனன்று உரக்குழி என்று தாவினால் எதுவும் கையில் ஒட்டாது. ஒரு வாரத்துக்கு ஒரே வேலை. அதைத் தினமும் செய்ய வேண்டும். முதல் வாரம் கடைக் கவர். இரண்டாவது வாரம் பார்சல். மூன்றாவது வாரம் டீயும் தண்ணீரும். நான்காவது வாரம் மூன்றும் சேர்த்து.

வேலையை எழுதும்போது “துணிப்பை பயன்படுத்துங்கள்” என்பது போதாது. எப்போது, எங்கே, என்ன சொல்லி என்பதும் வேண்டும். “இரவில் பையை மடித்து வண்டிப் பெட்டியில் வையுங்கள். கடையில் பொருளை எடைபோடும் முன்பே பையை நீட்டுங்கள்.” இவ்வளவு எழுதினால் மறப்பதற்கு இடம் குறையும். கூடவே ஓர் எச்சரிக்கை: ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் துணிக்கடைகளில் தள்ளுபடி விற்பனை இருக்கும். அங்கே துணி போலத் தோன்றும் பை கொடுத்தால் அதன் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நூல் வராமல் பஞ்சு போலப் பிய்ந்தால் அது நெய்யாத பை, பிளாஸ்டிக்தான். தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் காகிதக் கப்புக்கு மாறியவர் மாறியதாகக் கணக்கில்லை என்று எழுதிவிடுங்கள்.

பார்சல் வாரம்தான் கடினமானது. ஒரு குடும்பம் இரவு இட்லி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இட்லிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள், சாம்பாருக்கு ஒரு கவர், இரண்டு சட்னிக்கு இரண்டு கவர், எல்லாவற்றையும் போட ஒரு கைப்பை. மொத்தம் ஐந்து. தூக்குவாளி எடுத்துப் போனால் ஐந்தும் மிச்சம் என்று தோன்றும். பல இடங்களில் அப்படி நடப்பதில்லை. கூட்டம் வரும் முன்பே சாம்பாரையும் சட்னியையும் கவரில் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். பில் போட்ட பிறகு தூக்கை நீட்டினால், கட்டிய கவரைக் கத்தரித்து அதில் ஊற்றிக் கொடுப்பார்கள். கவர் நம் வீட்டுக்கு வரவில்லை. கடைக் குப்பைக்குப் போயிற்று. எனவே அறிவிப்பில் இந்த வரி கட்டாயம் வேண்டும்: “பில் போடும் முன்பே பாத்திரத்தைக் காட்டி, ‘அண்ணே, சாம்பாரைக் குண்டாவிலிருந்து ஊத்துங்க’ என்று கேளுங்கள். கவரைப் பிரித்து ஊற்றினால் அதையும் எண்ணிக்கையில் சேருங்கள்.”

இனி பகிர்வது. “அனுபவங்களைப் பகிருங்கள்” என்றால் வருவது பளபளக்கும் எவர்சில்வர் அடுக்கின் படங்கள்தான். அன்று மூன்று கவர் வாங்க நேர்ந்தவர் வாயைத் திறக்கமாட்டார். நமக்கு அவர் சொல்வதுதான் அதிகம் பயன்படும். ஆகவே படம் கேட்காமல் எண்ணிக்கை கேளுங்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்குள், எல்லோரும் ஒரே வடிவத்தில்:

“வாரம் 2. வீடு 14. வாங்காமல் விட்டது 9. உள்ளே வந்தது 4. வந்த இடம்: முனை ஓட்டல், சட்னி.”

இதில் கடைசித் துண்டுதான் முக்கியம். பத்து வீடுகள் ஒரே ஓட்டலின் சட்னியை எழுதினால், அது பத்து பேரின் மறதி அல்ல என்பது தெரிந்துவிடும். இரண்டு பேர் போய் அந்த ஓட்டல்காரரிடம், பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சட்னியைக் கவரில் கட்டாமல் வைக்க முடியுமா என்று கேட்கலாம். தனி ஆள் கேட்டால் தயங்குபவர், பத்து வாடிக்கையாளர் வருவார்கள் என்றால் யோசிப்பார். யார் தொகுப்பது, யார் கடைக்குப் போய்ப் பேசுவது என்று இரண்டு பெயர்களையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் எண்கள் குழுவிலேயே கிடக்கும்.

மாதம் பயன்பட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஜூன் கடைசியில், ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை, வீட்டுக்குள் வந்த கவர், கப், பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் போட்டு எண்ணுங்கள். ஜூலை கடைசியிலும் அதே மூன்று கிழமைகளில் எண்ணுங்கள். கிழமை மாறக் கூடாது. வார நாளில் சமைப்பவர்களும் ஞாயிறன்று ஓட்டலில் வாங்குவார்கள். அந்த நாள்களில் வீட்டில் விசேஷம் இருந்தால் வேறொரு வார இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு அறிவிப்பு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன், அதைக் குடியிருப்புக்கு வெளியே உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, “நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்? ஞாயிறு இரவு என்ன எழுதி அனுப்புவீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் அவரால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்த பிறகு குழுவில் போடுங்கள்.