கட்டைக் குரலும் கட்டுப் பீடியும்

மே 31 புகையிலை எதிர்ப்பு நாள் வருகிறது. வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்: புகையை விட்டால் பழைய குரல் திரும்புமா? கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். முப்பது வருடமாகச் சுருட்டுப் பிடிக்கும் அவருடைய அம்மாவைப் போனில் பேசுபவர்கள் "ஐயா" என்கிறார்களாம். புகை கெடுதல் என்று சொல்லி இடத்தை அடைக்கப் போவதில்லை. குரலுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

குரல்நாண் இரண்டின் மேல்தோலுக்கு அடியில் தளர்வான ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை விவரித்த ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ரெயின்கேயின் பெயரே அதற்கு. தோல் தடையின்றி அதிர இடம் கொடுப்பது அந்த அடுக்குதான். வருடக்கணக்கில் படும் புகை அங்குள்ள நுண் இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. கசிந்த நீர் வடிந்து போக அங்கே வழி குறைவு. அது கூழ்போலத் தேங்க, நாண் ஊதிக் கனக்கிறது. கொடியில் காயும் நனைந்த சேலை காய்ந்ததைவிட மெதுவாகத்தானே அசையும்? பெண் பேசும்போது நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிரும். ஆணுக்கு 120 அளவில். கனத்தால் அம்மாவின் எண்ணிக்கை இறங்கி ஆண் குரலைத் தொட்டிருக்கலாம்.

ஆணுக்கும் இதேதான் நடக்கிறது. ஆனால் கங்காணியின் குரல் தடித்தால் "கம்பீரம்" என்பார்கள், ஆகவே அவர் ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் போவார்.

இனி, விட்டால் என்ன மாறும்? "நிறுத்துங்கள், சரியாகிவிடும்" என்ற பிரசார வாசகம் பாதி உண்மை. சளியும் எரிச்சலும் குறையும், வீக்கம் வளர்வது நிற்கும், ஆரம்ப நிலையானால் சில மாதங்களில் ஓரளவு வற்றவும் கூடும். ஆனால் பைபோலத் தொங்குமளவு இழுபட்ட தோல் தானாகச் சுருங்காது. அதற்குச் சத்திரசிகிச்சை உண்டு: தோலைக் கீறி, கூழை உறிஞ்சி, மிஞ்சிய தோலை மட்டும் வெட்டி, மீண்டும் படிய வைப்பார்கள். அதற்குப் பிறகும் புகைத்தால் திரும்ப ஊதும். அதனால்தான் பல வைத்தியர்கள் முதலில் புகையை விடச் சொல்கிறார்கள். இளமைக் குரல் அப்படியே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனால் புகைப்பவரின் கரகரப்பு எதனால் என்று காதால் கேட்டுச் சொல்ல முடியாது. மூன்று வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. மூச்சிரைப்பு, இரத்தச் சளி, விழுங்க வலி, கழுத்தில் கட்டி இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மற்றக் கேள்விகள்:

பெட்டியில் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம் போட்டும் ஏன் பலனில்லை? கடையில் ஒற்றையாக வாங்குபவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை.

தேன், இஞ்சித் தேத்தண்ணி? தொண்டைக்கு இதம், தேங்கிய கூழுக்கு ஒன்றும் செய்யாது.

வெற்றிலையோடு புகையிலை போட்டால்? அது முதலில் வாயைத்தான் கெடுக்கும்.

பிரட்டுக்களத்தில் கத்துவதாலா? புகையோடு சேர்ந்தால் வீக்கத்தைக் கூட்டும், நெஞ்செரிச்சலும் அப்படியே.